இடைவேளையில் முப்பது நொடி

இடைவேளை விளக்கு எரிந்ததும் திரையை யாரும் பார்ப்பதில்லை. பாதிப் பேர் கேன்டீன் வரிசையில் நிற்கிறார்கள். மீதிப் பேர் போனைப் பார்க்கிறார்கள், அல்லது பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறார்கள். உள்ளூர் பர்னிச்சர் கடையின் விளம்பரம் ஓடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். படம் தொடங்குவதற்கு முன் ஓடினாலும் கதை பெரிதாக மாறாது. அப்போது வரிசை எண்ணைத் தேடி, கால்களைத் தாண்டி, ஜனம் உள்ளே வந்துகொண்டிருக்கும். ஆகவே திரையரங்க விளம்பரத்துக்குப் பின்னணிக் குரல் எழுதுகிறவர், கண் வேறு எங்கோ இருக்கும் ஆளின் காதுக்குத்தான் எழுதுகிறார்.

அந்தக் காலத்தில் கண்ணாடி ஸ்லைடு போட்டார்கள். கடையின் பெயர், ஒரு படம், முகவரி, அவ்வளவுதான். இப்போது க்யூப், யுஎஃப்ஓ போன்ற நிறுவனங்களின் டிஜிட்டல் சர்வர் வழியாக, நாலு ஊர் தாண்டி இருக்கும் தியேட்டருக்கும் விளம்பரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஊர்க் கடைக்காரரும் 10 நொடியோ 30 நொடியோ இடம் வாங்கலாம். வசதி வந்ததும் கூடவே ஒரு வியாதியும் வந்தது: காசு கொடுத்த நொடி ஒன்றையும் சும்மா விடக்கூடாது என்ற ஆசை.

கற்பனைக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பெயர் செல்லம் பர்னிச்சர். ஊர் நடுவில், மணிக்கூண்டுக்கு எதிரில் இருக்கிறது. முதலாளி தாமே எழுதிக் கொண்டுவரும் வாசகம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"உயர்தரத் தேக்கு மரத்தால் செய்யப்பட்ட கட்டில்கள், பீரோக்கள், சோபா செட்கள், டைனிங் டேபிள்கள், டிரஸ்ஸிங் டேபிள்கள், அலுவலக நாற்காலிகள், மெத்தைகள், திருமணச் சீர்வரிசைப் பொருட்கள் அனைத்தும் ஒரே இடத்தில், நம்ப முடியாத விலையில் வாங்கிட, உங்கள் அபிமான செல்லம் பர்னிச்சர்! சுலபத் தவணை வசதி உண்டு. வாகன நிறுத்த வசதி உண்டு. ஞாயிறு விடுமுறை இல்லை."

இதற்குப் பின் பத்து இலக்க போன் எண் வரும்.

தாளில் பார்த்தால் நாற்பது சொல்தான், சின்னதாகத் தெரியும். ஆனால் தமிழில் சொல்லை எண்ணி நேரத்தைக் கணக்கிட முடியாது. "ஒரே" என்பதும் ஒரு சொல், "சீர்வரிசைப்" என்பதும் ஒரு சொல். வாய் சொல்லும் துண்டுகளை எண்ண வேண்டும். மணிக்கூண்டு என்பதை ம-ணிக்-கூண்-டு என்று நான்கு துண்டாகச் சொல்கிறோம். பேச்சுவழக்கில் நாம் வேகமாகப் பேசுவோம். பெரிய அரங்கில் எதிரொலியையும் இரைச்சலையும் மீறிப் புரிய வேண்டுமானால் நொடிக்கு ஐந்து துண்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. முதலாளியின் வாசகத்தில் சுமார் 120 துண்டுகள் இருக்கின்றன. போன் எண்ணைச் சொல்ல இன்னும் 28 வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 150, அதாவது மூச்சே விடாமல் படித்தால் சரியாக முப்பது நொடி. இத்தனையும் சொல்லி முடித்தபின் கவனித்தால், கடை எங்கே இருக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை.

போன் எண்ணை முதலில் எடுத்துவிடலாம். ஐந்தாறு நொடியைத் தின்கிற அதை, காதால் கேட்டு நினைவில் வைப்பவர் கிடையாது. திரையில் பெரிதாகப் போட்டால் வேண்டியவர் போனில் படம் பிடித்துக்கொள்வார். இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைக்கு எண்ணைவிட அடையாளம் முக்கியம். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் அதே ஊரும் சுற்றுப்பட்டுக் கிராமமும்தான். மணிக்கூண்டு என்றால் அவர்களுக்குப் போதும். கதவு எண்ணும் தெருப் பெயரும் தேவையில்லை.

அடுத்து, பொருள் பட்டியல். முதலாளி இதற்கு ஒப்பமாட்டார். "சோபா இருக்குன்னு சொல்லலைன்னா எப்படித் தெரியும்?" என்பார். பர்னிச்சர் கடையில் சோபா இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்றால் கோபம் வரும். அவரிடம் படத்தைக் காட்டிப் பேசுவதுதான் வழி: சோபா, டைனிங் டேபிள், டிரஸ்ஸிங் டேபிள் மூன்றும் திரையில் வரிசையாக வந்துவிடும், குரலும் அதையே சொன்னால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுத்த மாதிரி.

"உயர்தரத் தேக்கு" என்பது வேறு வகைச் சிக்கல். பல கட்டில்களில் சட்டமும் காலும் தேக்காக இருக்கும், படுக்கும் பலகை பிளைவுட்டாக இருக்கும். பீரோவில் கதவு தேக்கு, பின்பக்கம் வேறு ஏதாவது. சிலவற்றில் ரப்பர் மரத்துக்குத் தேக்கு நிறம் ஏற்றியிருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தேக்கு என்று குரல் சொன்னால் அது பொய்யான விளம்பரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஊர்க் கடையை யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் இருப்பவர்கள் உண்டு. கேட்பது அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. கட்டிலைக் கழற்றிப் பார்த்த வாடிக்கையாளர் போதும்.

"நம்ப முடியாத விலை"யைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் அதை நம்புவதில்லை.

இப்படிக் கழித்தபின் மிஞ்சுவது பெயரும் இடமும்தான். அந்த இரண்டையும் கேட்க வைக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கடைக்குள் போய்த்தான் தேட வேண்டும், மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. நம் கற்பனைக் கடையின் பின்கட்டில் பட்டறை இருக்கிறது என்று வைப்போம். அங்கே கட்டில் காலில் துளை போட்டு, சட்டத்தின் நுனியைச் செதுக்கி அதில் கோத்து இறுக்குகிறார்கள். வெறும் ஆணியில் நிற்கும் கட்டில், மரம் வெயிலில் சுருங்கி மழையில் ஊதும்போது கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். பிறகு புரண்டு படுத்தால் கிரீச் என்னும். அந்தச் சத்தம் கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. கண் வேறெங்கோ இருக்கிறவனைத் திரும்ப வைக்க அதுவே போதும்.

எழுதி முடித்த வாசகம் இதோ:

(இருட்டுத் திரை. கட்டில் கிரீச்சிடுகிறது, மூன்று முறை.)
"இந்தச் சத்தம்... உங்க வீட்டுலயும் கேக்குதா?
ஆணி அடிச்ச கட்டில் ஆடத்தான் செய்யும்.
நாங்க துளை போட்டு, கோத்து, இறுக்குறோம்.
அஞ்சு வருஷத்துக்குள்ள ஆடினா, வீட்டுக்கே வந்து சரி பண்ணித் தர்றோம்.
கட்டில்... பீரோ... சோபா.
செல்லம் பர்னிச்சர். மணிக்கூண்டுக்கு எதிர்ல."
(ஒருவர் கட்டிலில் தொப்பென்று உட்காருகிறார். கிரீச் இல்லை.)
"மணிக்கூண்டுக்கு எதிர்ல. செல்லம் பர்னிச்சர்."

துண்டுக் கணக்கில் இது தொண்ணூறு சொச்சம். பேச்சுக்குப் பதினெட்டு நொடி, மீதிப் பன்னிரண்டு நொடி சத்தத்துக்கும் இடைவெளிக்கும். இடத்தை இரண்டு முறை சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். முதல் முறை கேட்காதவருக்குத்தான் இரண்டாவது. கிரீச் மூன்று முறை வருவதற்கும் காரணம் உண்டு. பழைய தியேட்டரில் இருக்கையே கிரீச்சிடும். ஒரே முறை வந்தால் பக்கத்து ஆள் அசைகிறார் என்று விட்டுவிடுவார்கள். சீரான இடைவெளியில் மூன்று முறை வந்தால்தான் அது திரையிலிருந்து வருகிறது என்று உறைக்கும்.

அஞ்சு வருஷம் என்ற வரியை முதலாளியின் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. அவர் பட்டறை மேஸ்திரியைக் கேட்டு, "ரெண்டு வருஷம்னா சரி" என்றால் ரெண்டு என்றே போட வேண்டும். ரெண்டு வருஷத்தை உண்மையாகச் செய்யும் கடைக்கு அதுவே பெரிய வரி.

"இறுக்குகிறோம்", "தருகிறோம்" என்று எழுத்துத் தமிழில் படித்தால் துண்டுகள் கூடுவது ஒரு பக்கம். செய்தி வாசிக்கிற தொனியும் வந்துவிடும். அதற்காக ஒரே வட்டாரப் பேச்சில் மூழ்கவும் வேண்டாம். எந்த ஊரிலும் அந்நியமாகத் தோன்றாத பேச்சு போதும். குரலும் கூவக் கூடாது. புகையிலைக்கு எதிரான அரசுக் குறும்படங்கள் 2012 அக்டோபரிலிருந்து, புகையிலைக் காட்சி உள்ள படங்களின் தொடக்கத்திலும் இடைவேளையிலும் கட்டாயம் என்றாகிவிட்டது. பல இடங்களில் அந்தச் சோகம் ஓய்ந்த சூட்டோடு நம் விளம்பரம் வரும். அங்கே வாயெல்லாம் பல்லாக ஒரு குரல் துள்ளிக் குதித்தால் அரங்கமே சிரிக்கும், நமக்கு வேண்டாத இடத்தில்.

ஒலிப்பதிவில் ஒரு கோளாறு அடிக்கடி நடக்கிறது. ஸ்டூடியோவில் ஹெட்போனில் கேட்டு, இரண்டு பக்க ஸ்டீரியோவாகவே கோப்பைக் கொடுத்துவிடுவார்கள். அரங்கில் பேச்சு வர வேண்டியது திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. அது வெறுமையாக இருந்தால், இடது ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் திரையின் இடது பக்கத்திலிருந்தும், வலது ஓரத்தில் இருப்பவருக்கு வலதிலிருந்தும் வரும். வாசகம் எவ்வளவு நல்லதானாலும் பேச்சு தெளியாது. இன்னொன்று, பின்னணி இசை. குரல் தொடங்கும்போது இசை இறங்க வேண்டும். இந்த விளம்பரத்துக்கு இசையே வேண்டாம் என்பது என் கட்சி. மற்ற விளம்பரங்கள் காதைக் கிழிப்பதால் ஆபரேட்டர் ஒலியளவைக் குறைத்து வைத்திருப்பார். அந்தக் குறைந்த அளவிலும் கேட்க வேண்டியது மணிக்கூண்டு மட்டுமே.

தியேட்டரில் ஓடும் விளம்பரப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. சான்றிதழ் வாங்கியபின் வாசகத்தை மாற்றினால் மறுபடியும் போக வேண்டும். அதனால்தான் "ஆடித் தள்ளுபடி இந்த ஞாயிறு வரை" என்பதை முப்பது நொடிப் படத்துக்குள் வைக்கக் கூடாது. ஆவணியில் கல்யாணச் சீர் வாங்க வருகிற கூட்டத்துக்கு, முடிந்துபோன தள்ளுபடியைக் காட்டிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். தள்ளுபடிக்கு வேண்டுமானால் தனியாக 10 நொடிப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

காசு குறைந்து 30 நொடியே 10 ஆனாலும் இதே வாசகம் சுருங்கும். கிரீச் இரண்டு முறை. "ஆடாத கட்டில். செல்லம் பர்னிச்சர். மணிக்கூண்டுக்கு எதிர்ல." ஒரு நொடி இடைவெளி. பிறகு பெயரும் இடமும் மறுபடி. ஏழு நொடிக்குள் பேச்சு முடிந்துவிடும். மீதியில் முதலாளி தவணை வசதியைச் சேர்க்கச் சொல்வார். அதைத் திரையின் அடியில் எழுத்தாகப் போட்டுவிடலாம்.