வெள்ளிக்கிழமை எச்.ஆர். ரவுண்டு

அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் ஐந்து வருடமாக ஜாவா டெவலப்பர். வேலை மாறத் தேடிக்கொண்டிருந்தாள். "மாமா, இந்த மெயிலை அனுப்பலாமான்னு பாருங்க" என்றாள். நான் பதினோரு வருடம் ஆளெடுப்பு வேலையில் இருந்தவன் என்பதால் இப்படிப்பட்ட மெயில்கள் என்னிடம் அவ்வப்போது வரும்.

அவளுக்கு இரண்டு இடத்தில் இன்டர்வியூ ஓடிக்கொண்டிருந்தது. தரமணி நிறுவனத்தில் மூன்று ரவுண்டு முடிந்து, வெள்ளிக்கிழமை எச்.ஆர். ரவுண்டு. கிண்டி நிறுவனத்தில் மூன்றில் ஒரு டெக்னிக்கல் ரவுண்டுதான் முடிந்திருந்தது. அதன் பிறகு பன்னிரண்டு நாளாகப் பேச்சில்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டது கிண்டி வேலைக்கு. மெயில் கிண்டி எச்.ஆருக்கு எழுதியது. அதில் இருந்தது இதுதான்: "எனக்கு வேறொரு நிறுவனத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும்."

ஆஃபர் வரவில்லை. இரண்டு நாள் கெடுவும் யாரும் வைக்கவில்லை.

"எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க மாமா. இல்லைன்னா அசைய மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. வேறு இடத்தில் வேலை நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் எச்.ஆர். அசைவார். ஆனால் எதற்கு அசைவார், எதற்கு அசைய மாட்டார் என்பது தெரிந்தால் பொய்யே தேவைப்படாது.

பன்னிரண்டு நாள் மௌனத்தைப் பார்க்கும் பிள்ளைகள், உள்ளே யாரோ உட்கார்ந்து தங்களை எடைபோட்டுக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் நடப்பதில்லை. இன்டர்வியூ எடுத்தவரும் ஒரு இன்ஜினியர்தான். அவருக்கு அந்த வாரம் ரிலீஸ் இருந்திருக்கும், ஃபீட்பேக் படிவத்தை நிரப்பியிருக்க மாட்டார். அடுத்த ரவுண்டு எடுக்க வேண்டியவரின் காலண்டரில் இடம் இருக்காது. எச்.ஆரின் கையில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பொசிஷன் இருக்கும். எந்த மேனேஜர் சத்தம் போடுகிறாரோ அந்தப் பொசிஷன்தான் அன்றைக்கு நகரும். நானும் அப்படித்தான் வேலை பார்த்தேன். இந்த மாதிரித் தாமதத்தை ஒரு நல்ல மெயில் உடைத்துவிடும். "இந்தப் பெண்ணை வெள்ளிக்கிழமைக்குள் பார்க்காவிட்டால் கைவிட்டுப் போகும்" என்று மேனேஜரிடம் சொல்ல எச்.ஆருக்கு ஒரு காரணமும் ஒரு தேதியும் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு வகைத் தாமதம் பணத்தைச் சேர்ந்தது. சம்பளத்துக்கு அனுமதி போயிருக்கும். பொசிஷனையே நிறுத்தி வைத்திருப்பார்கள். நிதிப் பிரிவில் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கும். இங்கே எச்.ஆரும் நம்மைப் போலக் காத்திருப்பவர்தான். எந்த வகை என்று கண்டுபிடிக்க, "இப்போ என்ன பாக்கி இருக்குங்க?" என்று ஒரு கேள்வி போதும். "ஃபீட்பேக் வரணும்", "பேனல் கிடைக்கலை" என்றால் முதல் வகை. "அப்ரூவல் போயிருக்கு", "ஹோல்டுல இருக்கு" என்றால் இரண்டாவது. "இன்னும் ரெண்டு பேரைப் பார்க்கணும்" என்று சொன்னால், நம்மைப் பிடித்திருக்கிறது, ஆனால் முதல் இடத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது நம் தேதியைச் சொன்னால் முடிவு சீக்கிரம் வரும். அது 'வேண்டாம்' என்றும் வரலாம். அதற்கு மனதைத் தயார்செய்துகொண்டுதான் சொல்ல வேண்டும்.

'ஆஃபர் வந்துவிட்டது' என்று எழுதினால் என்ன ஆகும் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று நீளமானது. ஒருவர் ஒரு ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, அந்த இடைவெளியில் அதைக் காட்டியே இன்னொரு இடத்தில் அதிகம் கேட்டு, சேர வேண்டிய நாளன்று போனை எடுக்காமல் போவது எச்.ஆர்கள் எல்லோருக்கும் நடந்திருக்கிறது. அதனால் 'ஆஃபர்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்கள் கேட்பது, "லெட்டரை அனுப்புங்க." இல்லாத லெட்டரை எப்படி அனுப்புவது? சிலர் போலியாக ஒன்றைத் தயாரிக்கிறார்கள். அது பின்னணிச் சரிபார்ப்பில் தெரிந்தால், சேர்ந்த பிறகும் வேலை போகும்.

லெட்டர் கேட்காவிட்டாலும் பொய் தானாகவே வெளியே வரும். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பையன், வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றான். மேனேஜரைக் கெஞ்சிக்கூட எங்களால் அந்த வாரம் முடிக்க இயலவில்லை. "எங்களால் முடியலை தம்பி, நீங்க அதையே எடுத்துக்குங்க" என்று வெள்ளி காலை சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அவனே போன் செய்து, "அடுத்த ரவுண்டு எப்போ சார்?" என்று கேட்டான். மேனேஜரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "வெள்ளிக்கிழமை முடிவுன்னு சொன்னாரே, இன்னும் ஏன் காத்திருக்கார்?" என்னிடம் பதில் இல்லை. வேலை தெரிந்த பையன். அந்த ஒரு வாக்கியத்தோடு அவன் பேச்சு முடிந்துபோனது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அக்கா மகளிடம் ஒரு பேப்பரை எடுத்து, உண்மையில் எந்தப் படியில் நிற்கிறாள் என்று எழுதச் சொன்னேன். டெக்னிக்கல் ரவுண்டுகள் முடிவது ஒரு படி. எச்.ஆர். ரவுண்டுக்குத் தேதி கொடுப்பது அடுத்தது. "உங்களை எடுத்துக்கிறோம்" என்று போனில் சொல்வது அதற்கு அடுத்தது. தொகையும் சேரும் தேதியும் போட்ட லெட்டர் கடைசிப் படி. அதற்கு மட்டும்தான் ஆஃபர் என்று பெயர். அவள் நின்றது இரண்டாம் படி. அதுவே கிண்டி எச்.ஆரை அசைக்கப் போதுமானது. ரெஸ்யூமே மட்டும் போட்டிருக்கும் நிலையில், அல்லது அங்கே முதல் போன்காலிலேயே சொல்லியிருந்தால் அது வேலைக்கு ஆகாது. 'இவரை நம்மால் எட்டிப்பிடிக்க முடியாது' என்று எச்.ஆர். அடுத்த ரெஸ்யூமேக்குப் போய்விடுவார். ஒரு ரவுண்டாவது முடிந்து, நம் மேல் அவர்கள் நேரம் செலவழித்த பிறகுதான் இந்தச் செய்திக்கு எடை வருகிறது.

மெயிலை மாற்றி எழுதினோம். அவள் ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "வேறொரு நிறுவனத்தில் டெக்னிக்கல், மேனேஜர் ரவுண்டுகள் முடிந்து, வரும் வெள்ளிக்கிழமை எச்.ஆர். ரவுண்டு இருக்கிறது. இன்னும் ஆஃபர் வரவில்லை. வந்தால் அடுத்த வாரத்துக்குள் பதில் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் குழுவின் வேலையில் எனக்கு விருப்பம் அதிகம் என்பதால் முன்பே தெரிவிக்கிறேன். மீதி இரண்டு ரவுண்டையும் இந்த வாரம் ஒரே நாளில் வைக்க முடியுமா? புதன், வியாழன் மாலை நான்கு மணிக்குப் பிறகு என்னால் வர முடியும்."

'இன்னும் ஆஃபர் வரவில்லை' என்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த வரி இருப்பதால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள். 'நினைக்கிறேன்' என்பதும் இருக்கட்டும் என்றேன். அடுத்த வாரம் என்பது அவளுடைய ஊகம், அவர்கள் வைத்த கெடு இல்லை. கடைசி இரண்டு வரிதான் மெயிலின் உயிர். 'சீக்கிரம் பாருங்கள்' என்றால் எச்.ஆருக்குச் செய்ய ஒன்றுமில்லை. 'இரண்டு ரவுண்டு, ஒரே நாள், நாலு மணிக்கு மேல்' என்றால் அப்படியே மேனேஜருக்கு அனுப்பிவிடலாம்.

போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்பச் சொன்னதற்கும் காரணம் உண்டு. குறிப்பாக இடையில் கன்சல்டன்சி இருந்தால், ஆள் சேர்ந்தால்தான் அவர்களுக்குப் பணம் என்பதால், நாம் சொன்ன 'எச்.ஆர். ரவுண்டு' அவர்கள் வாயில் 'ஆஃபர் இன் ஹேண்ட்' ஆகிவிடும். நாம் சொல்லாத பொய்க்கு நாம் பதில் சொல்ல வேண்டிவரும். எழுதியது அப்படி ஊதிப்போகாது.

திங்கள் காலை மெயில் போனது. செவ்வாய் அன்று கிண்டி எச்.ஆர். கூப்பிட்டார். "எந்த கம்பெனிங்க? எவ்வளவு தர்றாங்க?" இரண்டும் எதிர்பார்த்த கேள்விகள்தான். "பேரைச் சொல்றது அவங்களுக்கு முறையா இருக்காதுங்க. வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் செய்யற இடம். தொகை இன்னும் பேசலை, வெள்ளிக்கிழமைதான் பேசப்போறோம்" என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வியாழன் மாலை நாலரைக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று என்று இரண்டு ரவுண்டும் நடந்தன. பன்னிரண்டு நாள் நகராதது மூன்று நாளில் நகர்ந்தது.

அடுத்த திங்கள் தரமணியிலிருந்து "எடுத்துக்கிறோம்" என்று போன். செவ்வாய் லெட்டர் வந்தது; வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போது அவள் கிண்டிக்குப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. நிலை மாறும்போதெல்லாம் அதைச் சொல்லத்தான் வேண்டும், நமக்குப் பாதகமாக மாறினாலும். தரமணியில் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், அந்தத் தேதியைக் காட்டிக் கிண்டியைத் தொடர்ந்து அவசரப்படுத்துவது பொய்யாகியிருக்கும். "அங்கே முடிந்துவிட்டது, உங்கள் வேகத்திலேயே பாருங்கள்" என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது லெட்டர் கையில் இருந்ததால், வெள்ளிக்குள் பதில் கேட்கிறார்கள் என்று எழுதி, என்ன பாக்கி இருக்கிறது என்று கேட்டாள். "ஃபீட்பேக் எல்லாம் நல்லா வந்திருக்கு. அப்ரூவல் போயிருக்கு" என்றார்.

இரண்டாவது வகைத் தாமதம். இனிக் கிண்டியைத் தள்ளிப் பயனில்லை. கேட்க வேண்டியது தரமணியிடம். "முடிவெடுக்க அடுத்த புதன் வரை நேரம் கிடைக்குமா?" என்று கேட்டாள். காரணம் கேட்டார்கள். "இன்னொரு இடத்தில் எல்லா ரவுண்டும் முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கிறேன்" என்றாள். திங்கள் மாலை ஆறு மணி வரை கொடுத்தார்கள்.

திங்கள் மதியம் கிண்டிக்குப் போன் செய்து, "இன்னைக்கு ஆறு மணிக்கு நான் பதில் சொல்லணுங்க" என்றாள். அவரும் மறைக்காமல் பேசினார்: "கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. இன்னைக்கு வரும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாதுங்க."

ஐந்தரைக்கு என்னைக் கூப்பிட்டாள். "என்ன செய்யறது மாமா?" கையில் இருக்கும் லெட்டரையும் வராத லெட்டரையும் எடைபோட நான் யார்? அவள்தான் முடிவெடுத்தாள். தரமணிக்குச் சம்மதம் அனுப்பினாள். அடுத்த நிமிடமே கிண்டி எச்.ஆருக்கு நன்றி சொல்லி, வேறிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதை எழுதினாள். செவ்வாய் காலை இருந்த வேலையை ராஜினாமா செய்தாள்.

புதன் மதியம் மூன்று மணிக்குக் கிண்டி எச்.ஆர். கூப்பிட்டார். அனுமதி வந்துவிட்டது, தொகையும் அவள் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகம். அவள் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "வார்த்தை கொடுத்துட்டேங்க" என்றாளாம். "தெரியும்மா, உங்க மெயிலைப் பார்த்தேன். இருந்தாலும் வந்துருச்சுன்னு சொல்லணும்னு தோணுச்சு" என்றாராம் அவர்.