லேபிளில் 200 யூனிட், மீட்டரில் 288: எந்தக் கணக்கு சரி?

மின்கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் ஃபிரிட்ஜ் பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. இந்த முறை பிளக் மீட்டர் வாங்கி மாட்டிப் பார்த்தவர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள். சுவர் சாக்கெட்டுக்கும் ஃபிரிட்ஜ் பிளக்குக்கும் நடுவில் செருகும் அந்தச் சின்னக் கருவி, லேபிள் சொல்வதைவிட அதிகமாகக் காட்டுகிறது என்பதுதான் எல்லோருடைய குழப்பமும். ஃபிரிட்ஜில் கோளாறா, லேபிள் பொய்யா, மீட்டர் தப்பா என்று கேட்கிறார்கள்.

முதலில் லேபிள் எண்ணை எடுத்துக்கொள்வோம். நட்சத்திரங்களுக்குக் கீழே ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருப்பது ஒரு வீட்டில் அளந்த எண் அல்ல. ஆய்வக அறையில் வெப்பநிலையை நிலையாக வைத்து, கதவைத் திறக்காமல் ஓடவிட்டு அளந்து, அதை ஓராண்டுக்குப் பெருக்கி எழுதியது. உண்மையான செலவு பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தது என்று லேபிளிலேயே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பெரிய வித்தியாசம் அடங்கியிருக்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை.

கதவைத் திறக்காத சோதனை எப்படி நியாயமாகும்? இதற்கு ஒரு சாமர்த்தியமான பதில் உண்டு. உலகின் ஃபிரிட்ஜ் சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ். அமெரிக்காவில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் என்பார்கள், ஏறக்குறைய அதேதான். அமெரிக்க வீடு அவ்வளவு சூடாக இருப்பதில்லை. 22 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே அறையை வேண்டுமென்றே சூடாக்கி, அந்தக் கூடுதல் சூட்டை, கதவு திறப்பதற்கும் புதிய பொருள் வைப்பதற்கும் ஈடாக வைத்துக்கொண்டார்கள். உள்ளே 4 டிகிரி என்றால், 22 டிகிரி வீட்டில் சுவர் வழியே வெப்பத்தை உள்ளே தள்ளும் வித்தியாசம் 18. சோதனை அறையில் அது 28. நடுவில் இருக்கும் 10 டிகிரிதான் கதவுக்கான ஈடு.

இதே ஏற்பாட்டைச் சென்னைச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் ஈடு காணாமல் போகிறது. சித்திரை வெயிலில், அடுப்பும் எரியும் நேரத்தில், 36 டிகிரி சாதாரணம். அப்போது வித்தியாசம் 32. கதவையே தொடாவிட்டாலும் சோதனை அறையைவிட 14 சதவீதம் அதிகமான வெப்பம் உள்ளே கசிகிறது. பின்பக்கக் குழாய்கள் அந்தச் சூட்டை ஏற்கெனவே சூடான காற்றில்தான் கொட்ட வேண்டியிருப்பதால் கம்ப்ரஸருக்கு வேலை அதற்கும் மேல் கூடும். கதவு திறப்பதற்கான கணக்கு இதில் எங்குமே இல்லை. குளிர்ந்த வீட்டுக்குப் பொருந்திய ஒரு திருத்தம், வெயில் நாட்டில் திருத்தமாகவே இருப்பதில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

இதை மாற்ற முடியாது என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் பட்டியல் எண்ணுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒட்டவே இல்லை என்ற புகார் எழுந்து, 2006-இல் சோதனைமுறையைத் திருத்தினார்கள். அளவு முறை மாறியதும் பட்டியலில் இருந்த எண்கள் பல மடங்கு உயர்ந்தன. பொருள் அதேதான், அதன் பெயரில் சொல்லப்பட்ட எண்தான் வீட்டை நெருங்கி வந்தது.

இனி மீட்டர் பக்கம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 24-ஆல் பெருக்குபவர்கள் நிச்சயம் ஏமாறுவார்கள். கம்ப்ரஸர் ஓடும், நிற்கும். ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில், படியும் பனியை உருக்க ஒரு ஹீட்டரும் இடையிடையே எரியும். அது எரியும்போது திரையில் 150 வாட்டுக்கு மேல்கூடக் காட்டலாம்; சிறிது நேரத்தில் அணைந்துவிடும், மறுபடி பல மணி நேரம் வராது. உங்கள் ஒரு மணி நேரத்தில் அது விழுந்தால் செலவு பயமுறுத்தும். விழாவிட்டால் லேபிளைவிடக் குறைவாகத் தோன்றும். ஏழு நாள் முழுதாக ஓடவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் கரைந்துவிடும். வாட் எண்ணை விட்டுவிட்டு, சேர்ந்துகொண்டே போகும் kWh எண்ணை மட்டும் குறித்துவையுங்கள். மலிவான சில மீட்டர்கள் மின்வெட்டில் நினைவை இழக்கும் என்பதால் தினமும் திரையைப் படம் எடுத்துவைப்பது நல்லது.

ஸ்டெபிலைசர் இருந்தால் மீட்டர் அதற்கு முன்னால், சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் தனக்கென 5 வாட் எடுத்தாலே மாதம் 3.6 யூனிட் ஆகிறது. பில்லில் வருவது அதையும் சேர்த்துத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லேபிளில் ஆண்டுக்கு 200 யூனிட். ஆண்டில் 8,760 மணி நேரம் என்பதால், லேபிள் எண்ணை 8.76-ஆல் வகுத்தால் சராசரி வாட் கிடைத்துவிடும்: 22.8 வாட். மாதத்துக்கு 16.7 யூனிட். ஏழு நாளில் மீட்டர் 5.6 யூனிட் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 0.8, மாதத்துக்கு 24, ஆண்டுக்கு 288. லேபிளைவிட 44 சதவீதம் அதிகம்.

இங்கே நின்றுவிட்டால் யார்மேல் தவறு என்று தெரியாது. அதனால் தினமும் இரவு 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் எண்ணைத் தனியாகக் குறிக்கச் சொல்கிறேன். யாரும் கதவைத் தொடாத, அடுப்பு எரியாத அந்த ஏழு மணி நேரம்தான் நம் வீட்டில் கிடைக்கக்கூடிய சோதனை அறை. ஏழு இரவுகளுக்கு 49 மணி நேரம், அதில் 1.25 யூனிட் ஆகியிருந்தால் சராசரி 25.5 வாட். லேபிளின் 22.8-க்கு அருகில் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டில் மிஞ்சியதை உள்ளே வைத்த சூடு கொஞ்ச நேரம் நீடிக்கும் என்பதையும் சேர்த்தால் இந்த ஃபிரிட்ஜில் கோளாறு இல்லை. பகலின் 119 மணி நேரத்தில் மீதி 4.35 யூனிட், சராசரி 36.6 வாட். கூடுதலில் பெரும்பங்கு வெயிலும் கதவும் செய்த வேலை.

மாறாக, இரவிலும் 45 வாட் என்று காட்டினால் ஃபிரிட்ஜைத்தான் சந்தேகிக்க வேண்டும். கதவு ரப்பர் ஓரிடத்தில் பிடிக்காமல் இருக்கலாம், பின்பக்கம் சுவரோடு ஒட்டிக் காற்றோட்டம் இல்லாமல் இருக்கலாம், வாயு குறைந்து கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காமல் ஓடலாம். மெக்கானிக்கை அழைக்கும்போது பகல் எண்ணைச் சொன்னால் “வெயில்தான் சார்” என்று போய்விடுவார். இரவு எண்ணைக் காட்டுங்கள்.

லேபிளுக்கும் மீட்டருக்கும் இடையிலான மாதம் ஏழு யூனிட், இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 15 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீட்டுக்கு இது சின்ன எண் இல்லை; அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை விலையும் கைவிட்டுப் போகிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஃபிரிட்ஜின் பின்னால் எழுதியிருக்கும் ஆம்பியரை 230-ஆல் பெருக்கலாமா? கூடாது, அது உச்ச அளவு, செலவு அல்ல.

ஏப்ரலில் அளந்ததை 12-ஆல் பெருக்கலாமா? மார்கழியில் ஒரு வாரம் அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள்.

இரவில் அணைத்துவைத்தால் மிச்சமா? அதிகம் இல்லை, இழந்த குளிரைக் காலையில் மீட்க வேண்டும், உணவும் கெடும்.

மீட்டர் சரியா என்று எப்படித் தெரியும்? மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓர் இரவு முழுவதும் ஈ.பி. மீட்டரின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பழைய ஃபிரிட்ஜின் ஐந்து நட்சத்திரமும் புதியதன் ஐந்து நட்சத்திரமும் ஒன்றா? இல்லை, அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டு யூனிட்டை ஒப்பிடுங்கள்.