டிவிக்குப் பின்னால் ஒரு விளக்கு

இரவில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, எல்இடி டிவியில் ஒரு சினிமாஸ்கோப் படத்தைப் போடுங்கள். படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளைக் கவனியுங்கள். அவை முழுக் கறுப்பாக இருக்காது. புகை படிந்ததுபோல் சாம்பல் நிறத்தில் தெரியும். இப்போது டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மட்டும் மெல்லிய வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கைப் போடுங்கள். அதே பட்டைகள் சட்டென்று கறுத்துத் தெரியும்.

இந்த வகை டிவிகளில் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஒளி எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பைக் காட்டும்போதும் அது கொஞ்சம் கசியும். இருட்டறையில் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வெளிச்சம் இல்லாததால், அந்தக் கசிவு பளிச்சென்று தெரிகிறது. சுற்றியுள்ள சுவர் அதைவிட வெளிச்சமாகிவிட்டால், பட்டை இருளாகத் தோன்றுகிறது. ஓஎல்இடி திரை முழுக் கறுப்பைத் தானே காட்டிவிடும் என்பதால், அங்கே இந்த வித்தியாசம் குறைவு.

ஆனாலும் கண்ணுக்குக் கிடைக்கும் ஆறுதல் இரண்டுக்கும் பொது. இருட்டில் படம் பார்க்கும்போது, இரவுக் காட்சியில் கண்ணின் பாவை விரிகிறது. அடுத்த நொடி வெயில் காட்சி வந்தால் சுருங்குகிறது. படம் முடியும்வரை இது ஓயாமல் நடக்கும். சுவரில் நிலையான வெளிச்சம் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். கூரையிலோ எதிர்ச்சுவரிலோ டியூப்லைட் போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. அதன் பிம்பம் திரையில் விழுந்து இருட்டுக் காட்சிகளை வெளிறடித்துவிடும்.

எந்த விளக்கு வாங்குவது? வெள்ளை நிற எல்இடி ஸ்ட்ரிப் போதும். பெட்டியில் 6500 கெல்வின் என்றும், நிறத்துல்லியத்தைக் குறிக்கும் சிஆர்ஐ 90-க்கு மேல் என்றும் இருக்க வேண்டும். திரைப்படங்களுக்கு நிறம் சரிசெய்யும் ஸ்டூடியோ மானிட்டர்களின் வெள்ளையும் ஏறத்தாழ இந்த 6500 கெல்வின்தான். மஞ்சள் விளக்கைப் பின்னால் வைத்தால், கண் அந்த மஞ்சளையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். திரையில் முகங்கள் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். சுவருக்கு அடர்பச்சையோ நீலமோ பூசியிருந்தாலும் இதே சிக்கல் வரும். வெள்ளை அல்லது சாம்பல் சுவர் நல்லது. படத்துக்கேற்ப நிறம் மாறும் விளக்குகள் பார்க்க அழகுதான். ஆனால் கண்ணுக்கு வேண்டிய நிலையான வெளிச்சத்தை அவை தராது.

43 அங்குல டிவியை எடுத்துக்கொள்வோம். திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம். பின்பக்க விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால் ஸ்ட்ரிப் வெளியே தெரியாது. மேஜைமேல் வைத்த டிவிக்கு மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் போதும். கீழே ஒட்டினால் மேஜைப்பலகை மினுங்கிக் கண்ணைக் கூசும். மூன்று பக்கத்துக்கு 1.75 மீட்டர் ஸ்ட்ரிப் தேவை. ஒட்டுமுன் அந்த இடத்தைத் தூசி போகத் துடையுங்கள். டிவியின் காற்றுத் துளைகளை மறைத்துவிடாதீர்கள். சுவருக்கும் டிவிக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தால், ஒளி பரவாமல் சுவரில் புள்ளி புள்ளியாக விழும்.

ஸ்ட்ரிப்பை டிவியின் யுஎஸ்பி துளையிலேயே செருகலாம். பல டிவிகளில் அது டிவியுடன் சேர்ந்தே எரிந்து அணையும். அந்தத் துளை பெரும்பாலும் 0.5 ஆம்பியர்தான் தரும். நீளமான ஸ்ட்ரிப்பின் கடைசிப் பகுதி மங்கினாலோ, விளக்கு துடித்தாலோ மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். 5 வோல்ட் சார்ஜரில் மாட்டிப் பாருங்கள்.

பலரும் தவறுவது வெளிச்ச அளவில்தான். திரை முழு வெள்ளையாக இருக்கும்போது வரும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு சுவரில் இருந்தால் போதும். போன் கேமராவில் ப்ரோ மோடு இருந்தால் இதை அளந்துவிடலாம். ஐஎஸ்ஓவை ஓர் எண்ணில் நிறுத்தி, ஷட்டரை ஆட்டோவில் விடுங்கள். வெள்ளைத் திரையை மட்டும் நிரப்பிப் பார்க்கும்போது 1/500 என்று காட்டினால், ஒளி படும் சுவரைப் பார்க்கும்போது 1/50 அளவில் காட்ட வேண்டும். அதற்கேற்ப ஒளிக்குறைப்பானைத் திருகுங்கள். படம் ஓடும்போது கண் சுவர்ப்பக்கம் போனால், இன்னும் குறைக்க வேண்டும்.

இமைக்காமல் பார்ப்பதால் கண் உலர்வதையும், கண்ணாடிப் பவர் மாறியதால் வரும் தலைவலியையும் இந்த விளக்கு தீர்க்காது. அவற்றுக்குக் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.