சுலைமான் நபியின் எறும்பு ஆணா, பெண்ணா? அரபி இலக்கணத்தின் ஒரு சின்ன ‘ஆ’ கிளப்பிய சர்ச்சை!

துபாயிலோ தோஹாவிலோ ஒரு பழக்கடை. அட்டையில் விலையோடு ‘துஃப்பாஹ்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆப்பிள்தான். “ஒரு கிலோ துஃப்பாஹ்” என்றால் கடைக்காரர் எடைபோட்டுத் தருவார். ஆனால் பசிக்கு ஒரே ஒரு பழம் போதும் என்றால் ‘ஒரு துஃப்பாஹ்’ என்று கேட்க முடியாது. ‘துஃப்பாஹா’ என்று கேட்க வேண்டும். கடைசியில் ஒரு சின்ன ‘ஆ’. அது சேர்ந்ததும் குவியலில் இருந்து ஒரு பழம் தனியாக உருண்டு வந்துவிடுகிறது.

தமிழ் பேசுபவர்களுக்கு இது கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். நமக்கு ‘மரம்’ என்றால் ஒன்று. பலவற்றைச் சொல்ல வேண்டுமானால் ‘கள்’ சேர்த்து ‘மரங்கள்’ ஆக்குகிறோம். அதாவது ஒன்றில் தொடங்கிக் கூட்டத்துக்குப் போகிறோம். அரபியிலும் இப்படிப் போகிற சொற்கள் ஏராளம். ஆனால் பழம், காய், மரம், மீன், பறவை, பூச்சி என்று இயற்கையில் கூட்டமாகவே கண்ணில் படுகிற பலவற்றுக்கு மட்டும் பாதை வேறு. அங்கே அடிப்படைச் சொல்லே கூட்டத்தைக் குறிக்கிறது. ஒன்று வேண்டுமானால்தான் ஏதாவது சேர்க்க வேண்டும்.

‘ஷஜர்’ என்றால் பொதுவாக மரம், மரக்கூட்டம். ‘ஷஜரா’ என்றால் ஒரு மரம். ‘சமக்’ மீன், ‘சமகா’ ஒரு மீன். ‘தமர்’ பேரீச்சம்பழம், ‘தம்ரா’ ஒரே ஒரு பேரீச்சம்பழம். ‘பஸல்’ வெங்காயம் என்றால், ‘பஸலா’ கையில் இருக்கும் ஒரு வெங்காயம்.

உணவகத்தில் இந்த ‘ஆ’ பில்லையே மாற்றிவிடும். ‘தஜாஜ்’ என்றால் கோழி, கோழிக்கறி. ‘தஜாஜா’ என்றால் ஒரு கோழி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கறி போதும் என்று நினைப்பவர் தெரியாமல் ‘தஜாஜா’ என்று சொன்னால், முழுக் கோழி ஒன்று தட்டில் வந்து உட்கார வாய்ப்பு இருக்கிறது.

கட்டப்பட்ட ‘தா’

அந்த ‘ஆ’வுக்குப் பெயர் ‘தா மர்பூதா’. ‘கட்டப்பட்ட தா’ என்று பொருள். எழுத்தில் ஒரு சிறிய வட்டமும் அதன் தலையில் இரண்டு புள்ளிகளும். உண்மையில் அது குறுகிய ‘அ’ ஒலிதான்; நம் காதுக்கு ‘ஆ’ மாதிரிக் கேட்பதால் தமிழில் அப்படியே எழுதிவிடுகிறோம். சொல் தனியாக நிற்கும்போது அந்த எழுத்தில் ஒளிந்திருக்கும் ‘த்’ கேட்காது. பின்னால் இன்னொரு சொல் உரிமையோடு ஒட்டும்போது வெளியே வரும். ‘பையனின் ஆப்பிள்’ என்று சொல்ல ‘துஃப்பாஹத்’ என்றுதான் தொடங்குவார்கள்.

எண்ணும்போதும் இந்த ‘த்’ எட்டிப் பார்க்கும். இங்கேதான் அரபி கற்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கூட்டத்தைக் குறிக்கும் சொல்லை எண்ண முடியாது என்பதுதான் விதி. ‘மூன்று துஃப்பாஹ்’ என்று சொன்னால் அரபிக்காரருக்குப் புரியும். ஆனால் காதில் உறுத்தும். எண்ணுவதற்கு முன் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அந்த ஒன்றைத்தான் பெருக்க வேண்டும்.

ஐந்து ஆப்பிளைச் சொல்வதை மெதுவாகப் பார்ப்போம். கையில் இருப்பது ‘துஃப்பாஹ்’. அதிலிருந்து ஒன்றை எடுத்தால் ‘துஃப்பாஹா’. இரண்டு என்றால் எண்ணே தேவையில்லை, சொல்லுக்குள்ளேயே இரண்டு வந்துவிடும்: ‘துஃப்பாஹதான்’. பேச்சு வழக்கில் ‘துஃப்பாஹ்தேன்’. மூன்றிலிருந்து பத்து வரை, பிரித்தெடுத்த அந்த ஒன்றின் பன்மையான ‘துஃப்பாஹாத்’ வரும். ஐந்து ஆப்பிள் என்றால் ‘கம்ஸ் துஃப்பாஹாத்’. சரி, 11 ஆப்பிள்? பன்மை காணாமல் போய், எண்ணுக்குப் பின்னால் மறுபடியும் ஒற்றை ‘துஃப்பாஹா’வே வந்து நிற்கும். கிலோ கணக்கில் வாங்கும்போது மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை. அங்கே எண்ணுவது கிலோவைத்தான், பழத்தை அல்ல. அதனால் கூட்டச் சொல் அப்படியே வரும்.

இதற்கு மேல் இன்னொரு பன்மையும் உண்டு. அரபு நாடுகளில் மீன்கடைப் பெயர்ப்பலகைகளில் ‘அஸ்மாக்’ என்று எழுதியிருப்பார்கள். அதுவும் மீன்தான். ஆனால் இது பலவகை மீன்கள் என்ற தொனியில் வருவது. ஆக, ‘சமக்’ என்பது மீன் என்ற இனம். ‘சமகாத்’ ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடிய மீன்கள். ‘அஸ்மாக்’ வகைவகையான மீன்கள். ஒரு மீனுக்கு இத்தனை கணக்கா என்று தோன்றலாம். மீன் வாங்கும்போது நாமும் இந்த மூன்றையும் மனதுக்குள் தனித்தனியாகத்தான் நினைக்கிறோம். தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இயற்கைப் பொருள்களோடு இது நிற்கவில்லை. ‘வரக்’ காகிதம், ‘வரகா’ ஒரு தாள். ‘ஹதீத்’ இரும்பு, ‘ஹதீதா’ ஓர் இரும்புத் துண்டு. ‘ஹப்ப்’ என்றால் தானியம். ‘ஹப்பா’ ஒரு மணி. மருந்துக் கடையில் ஒரு மாத்திரைக்கும் அதே ‘ஹப்பா’தான்.

எல்லா விதியும் ஒரு இடத்தில் உதை வாங்கும். இந்த விதி உதை வாங்கும் இடம் பாலைவனத்தில் மழைக்குப் பிறகு மண்ணுக்கடியில் முளைக்கும் ஒரு காளான். பழைய இலக்கண நூல்கள்படி அதில் ஒன்று ‘கம்உ’, கூட்டம் ‘கம்ஆ’. அதாவது ‘ஆ’ சேர்ந்தால்தான் கூட்டம்! ஏன் இது மட்டும் திரும்பி நிற்கிறது என்று இலக்கணக்காரர்கள் நூற்றாண்டுகளாகத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அதே ‘ஆ’, வேறு வேலை

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தத் ‘தா மர்பூதா’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் பெண்பால் விகுதி. ‘முஅல்லிம்’ ஆசிரியர், ‘முஅல்லிமா’ ஆசிரியை. ‘கல்ப்’ நாய், ‘கல்பா’ பெண் நாய். அப்படியானால் ‘நம்ல்’ எறும்பு என்றால், ‘நம்லா’ பெண் எறும்பா?

இல்லை. ஓர் எறும்பு, அவ்வளவுதான்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. ‘ஆ’வை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சமிருக்கும் சொல் ஒன்றைக் குறிக்கிறதா? ‘கல்ப்’ என்றால் ஒரு நாய். எனவே ‘கல்பா’வில் உள்ள ‘ஆ’ பெண்பாலுக்கானது. ‘நம்ல்’ என்றால் ஓர் எறும்பு அல்ல, எறும்புக் கூட்டம். எனவே ‘நம்லா’வில் உள்ள ‘ஆ’ ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. ஆனால் இலக்கணம் இரண்டு ‘ஆ’வையும் ஒரே மாதிரிதான் நடத்தும். எறும்பு ஆணாகவே இருந்தாலும் ‘நம்லா’ என்ற சொல்லோடு வரும் வினைச்சொல் பெண்பாலில்தான் இருக்கும்.

குர்ஆன் அத்தியாயங்களின் பெயர்களிலேயே இந்த வேறுபாடு தெரியும். 27-வது அத்தியாயம் ‘அந்நம்ல்’, எறும்புகள். 16-வது ‘அந்நஹ்ல்’, தேனீக்கள். இரண்டும் கூட்டம். 2-வது அத்தியாயம் ‘அல்பகரா’; இது ஒரு மாடு. அந்த அத்தியாயத்தில், ஒரு மாட்டை அறுக்கச் சொல்லி மூஸா நபி தம் மக்களுக்கு இறைக்கட்டளையைச் சொல்லும்போது ‘பகரா’ வருகிறது. அவர்களோ என்ன வயது, என்ன நிறம் என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். கடைசியில், மாடுகள் எல்லாம் எங்களுக்கு ஒரே மாதிரித் தெரிகின்றன என்கிறார்கள். அந்த இடத்தில் ‘ஆ’ போய், வெறும் ‘பகர்’ ஆகிவிடுகிறது. கேட்டது ஒன்று, அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததோ மந்தை.

‘பகரா’ என்பது பசுவை மட்டும் குறிக்காது, காளைக்கும் பொருந்தும் என்று பழைய அகராதிக்காரர் அல்ஜவ்ஹரி எழுதிவைத்திருக்கிறார். இனத்தில் ஒன்று என்று காட்டத்தான் அந்த விகுதி என்பது அவர் தரும் காரணம்.

கூஃபா நகரில் ஒரு கேள்வி

இதே ‘ஆ’வை வைத்து ஒரு பழைய கதை உண்டு. 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்ஸமக்‌ஷரி தன் குர்ஆன் விரிவுரையான ‘அல்கஷ்ஷாஃப்’ நூலில் அதைச் சொல்கிறார்.

பஸராவைச் சேர்ந்த கதாதா பெரிய அறிஞர், பார்வை இல்லாதவர். அவர் கூஃபா நகருக்கு வந்தபோது மக்கள் திரண்டுவிட்டார்கள். எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார் கதாதா. கூட்டத்தில் ஒரு சிறுவன் இருந்தான். பின்னாளில் இமாம் அபூ ஹனீஃபா என்று உலகம் அறிந்தவர். சுலைமான் நபியின் எறும்பு ஆணா, பெண்ணா என்று கேட்கச் சொன்னான் அவன். சுலைமானின் படை வருவதைப் பார்த்து, மிதிபடாமல் வீடுகளுக்குள் போய்விடுங்கள் என்று மற்ற எறும்புகளை எச்சரித்த எறும்பு அது.

கதாதாவுக்குப் பதில் தெரியவில்லை. சிறுவனே பதில் சொன்னான்: பெண் எறும்பு. எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். குர்ஆனில் ‘சொன்னது’ என்பதற்குப் பெண்பால் வினையான ‘காலத்’ வந்திருக்கிறது. ஆணாக இருந்தால் ‘கால’ என்று வந்திருக்கும் என்றான்.

கேட்கும்போது அபாரமான பதில்தான். ஸமக்‌ஷரியும் ஏற்றுக்கொள்கிறார். புறாவுக்கு ‘ஹமாமா’ என்பது எப்படி இரண்டு பாலுக்கும் பொதுவோ, அப்படித்தான் ‘நம்லா’வும், அதனால் எந்தப் பால் என்று தெரிய வேறொரு அடையாளம் வேண்டும், இங்கே வினைச்சொல் அந்த அடையாளம் என்பது அவர் வாதம்.

சுமார் 200 ஆண்டுகள் கழித்து கிரனாடாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அபூ ஹய்யான் என்ற இலக்கண அறிஞர் இதை மறுத்தார். ஒன்றைக் குறிக்கும் ‘ஆ’ சேர்ந்த இந்த வகைச் சொல்லுக்கு அரபிகள் பெண்பால் வினைதான் போடுவார்கள். அது ஆணா பெண்ணா என்று பார்த்துப் போடுவதில்லை என்றார். அதாவது பேசியது ஆண் எறும்பாக இருந்திருந்தாலும் ‘காலத்’ என்றுதான் வந்திருக்கும். வினையை வைத்து எறும்பின் பாலைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆண் என்று சொல்லியே ஆக வேண்டுமானால் ‘நம்லா தகர்’, அதாவது ‘ஆண் எறும்பு’ என்று தனியாக ஒரு சொல்லைப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இலக்கணக் கணக்குப்படி அபூ ஹய்யான் பக்கமே பலம். ஆனால் பூச்சியியல்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். தரையில் இரை தேடி ஊர்ந்து திரியும் வேலைக்கார எறும்புகள் அத்தனையும் பெண்கள். ஆண் எறும்புகளுக்கு இறக்கை உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் வந்து, சில நாட்களில் செத்துவிடும். வினைச்சொல்லை வைத்துச் சிறுவன் சொன்ன காரணம் நிற்கவில்லை. சொன்ன விடை மட்டும் எறும்புப் புற்றுக்குப் பொருந்திப்போகிறது.