ஐம்பது மணி நேர உழைப்பு இரண்டே முக்கால் ஆவது எப்படி?

ஒரு தையல் கூடத்தின் வாராந்திர நேரக் கணக்கு எக்ஸெல்லில் இருக்கிறது. ஒரு தொழிலாளி திங்கள் முதல் சனி வரை வேலை பார்த்த நேரம் B2 முதல் B7 வரையுள்ள செல்களில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: 8:30, 9:00, 8:45, 8:15, 9:00, 7:15. விரல் விட்டுக் கூட்டினால் 50 மணி 45 நிமிடம் வரும். B8-இல் போட்ட ஃபார்முலா இது:

```
=SUM(B2:B7)
```

அந்த செல் மணி, நிமிடம் காட்டும் வழக்கமான `h:mm` ஃபார்மட்டில் இருந்தால், திரையில் தெரியும் விடை 2:45. மீதி நாற்பத்தெட்டு மணி நேரத்தைக் காணோம்.

கூட்டலில் பிழை ஏதும் இல்லை. எக்ஸெல் நேரத்தை மணியாகச் சேமிப்பதில்லை, நாளாகச் சேமிக்கிறது. அதன் கணக்கில் ஒரு முழு நாள் என்பது 1. நண்பகல் 12 மணி 0.5, காலை 6 மணி 0.25. நாம் 8:30 என்று தட்டினால் உள்ளே போய் உட்காருவது 0.354166… என்ற பின்னம். நம் ஆறு நாள் நேரத்தையும் கூட்டினால் 2.114583… வரும். அதாவது இரண்டு முழு நாளும், அதற்கு மேல் கொஞ்சமும். `h:mm` ஃபார்மட் சுவர்க் கடிகாரம் மாதிரி. இப்போது மணி என்ன என்று சொல்லும், எத்தனை நாள் கடந்தது என்று சொல்லாது. அதனால் இரண்டு முழு நாளையும் விட்டுவிட்டு, மிச்சமுள்ள 0.114583-ஐ மட்டும் எடுத்து 2:45 என்று காட்டுகிறது.

நம்பிக்கை வராவிட்டால் B8-இன் ஃபார்மட்டை General என்று மாற்றிப் பாருங்கள். 2.114583333 என்று தெரியும். அதை 24-ஆல் பெருக்கினால் 50.75, அதாவது ஐம்பது மணி நாற்பத்தைந்து நிமிடம். தொலைந்ததாக நினைத்தது உள்ளேயே பத்திரமாக இருக்கிறது; பார்வைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பார்வைக்குக் கொண்டுவரும் வழி மிகச் சிறியது. B8-ஐத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்துங்கள். Format Cells பெட்டி திறக்கும். Number பக்கத்தில் Custom என்பதைத் தேர்ந்தெடுத்து, Type என்ற கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு இதைத் தட்டுங்கள்:

```
[h]:mm
```

OK கொடுத்ததும் 2:45 இருந்த இடத்தில் 50:45 வந்துவிடும். மணியைக் குறிக்கும் எழுத்தைச் சுற்றியுள்ள சதுர அடைப்புக்குறிதான் இங்கே எல்லா வேலையையும் செய்கிறது. '24 வந்ததும் திரும்பப் பூஜ்யத்துக்குப் போகாதே, மணியை எண்ணிக்கொண்டே போ' என்பது அதன் பொருள். அதே அடைப்பை நிமிடத்துக்குப் போட்டு `[m]` என்று கொடுத்தால் மொத்த நிமிடம் 3045 என்று காட்டும். ஃபார்மட்டைத் தட்டத் தயங்குபவர்கள் அதே பெட்டியில் Time என்ற பிரிவைப் பார்க்கலாம். அங்குள்ள மாதிரிகளில் 37:30:55 என்று ஒன்று இருக்கும். அது விநாடியோடு சேர்ந்த இதே ஃபார்மட்தான்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 2:45 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், ஒரு நாள் நேரத்தை விடவும் குறைவாயிற்றே. ஆனால் நான்கு நாள் மட்டும் வேலைக்கு வந்தவரின் மொத்தம் 34:30 என்றால் திரையில் தெரிவது 10:30. அவசரத்தில் பார்ப்பவருக்கு அது உறுத்தாது. இதை விட மோசமான பொறி ஒன்று உண்டு. தொழிற்சாலை வேலைக்கு வாரம் 48 மணி நேரம் என்பது நம் நாட்டில் நெடுங்கால வரம்பு. 48 மணி என்பது சரியாக இரண்டு நாள். ஆகவே 48-ஐத் தாண்டியவர்களுக்கு எக்ஸெல் தவறாகக் காட்டும் மொத்தமும் ஓவர்டைம் நேரமும் ஒன்றாகவே இருக்கும். நம் தொழிலாளியின் ஓவர்டைம் 2:45, திரையில் தெரியும் 'மொத்தமும்' 2:45. இதைப் பார்த்து, ஓவர்டைமை எக்ஸெல்லே கணக்குப் போட்டுத் தருகிறது என்று ஒருவர் நம்பிவிட்டால், அடுத்த வாரம் 46:30 மணி வேலை பார்த்தவருக்கு 22:30 மணி ஓவர்டைம் எழுதிவிடுவார்.

ஓவர்டைமைத் தனியாகவே கணக்கிட வேண்டும். B9-இல்:

```
=MAX(0,B8-2)
```

இங்கே 2 என்பது இரண்டு நாள், அதாவது 48 மணி. 48-ஐத் தாண்டாதவர்களுக்குக் கழித்தல் விடை வராமல் MAX பார்த்துக்கொள்கிறது. கழித்தலில் வரும் நேரத்தை எக்ஸெல் வெறும் #### என்றுதான் காட்டும். இந்த 2-க்குப் பதிலாக `TIME(48,0,0)` என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். TIME ஃபங்ஷனும் 24-க்கு ஒருமுறை சுழன்றுவிடும். அது திருப்பித் தருவது பூஜ்யம். முழு 50:45-ம் ஓவர்டைமாகிவிடும். HOUR ஃபங்ஷனும் அப்படித்தான், B8-ஐக் கொடுத்தால் 2 என்றே சொல்லும். அடைப்புக்குறி ஃபார்மட் திரையை மட்டும்தான் திருத்துகிறது, இந்த ஃபங்ஷன்களைத் திருத்துவதில்லை.

கூலியில்தான் இது கையைக் கடிக்கும். மணிக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 50:45 இருக்கிறதே என்று `=B8*90` போட்டால் 190.3125 வரும். எக்ஸெல் பெருக்கியது 2.114583 நாளை. அதை மணியாக்க 24-ஆல் பெருக்கியே ஆகவேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்றால், மொத்த நேரத்தோடு ஓவர்டைமை இன்னொரு முறை கூட்டினால் போதும்:

```
=(B8+B9)*24*90
```

விடை 4815 ரூபாய். கையால் சரிபார்த்தால் 48 மணிக்கு 4320, இரண்டே முக்கால் மணிக்கு 180 ரூபாய் வீதம் 495, கூட்டினால் அதே 4815. இந்த செல் நேர ஃபார்மட்டில் இருந்தால் ரூபாய்க்குப் பதில் ஏதோ ஒரு மணி தெரியும். அதை Number என்று மாற்றிவிடுங்கள்.

ஃபார்மட் சரியாக இருந்தும் மொத்தம் தப்பாக வந்தால், பதிவு செய்த விதத்தைப் பாருங்கள். நாம் கையால் எழுதும்போது எட்டரை மணியை 8.30 என்று புள்ளி வைத்தே எழுதிப் பழகியவர்கள். அதே கையோடு எக்ஸெல்லில் 8.30 என்று தட்டினால், அது எட்டே சொச்சம் நாள் என்று எடுத்துக்கொள்ளும். `h:mm` ஃபார்மட்டில் அது 7:12 என்று தெரியும், நேரம் போலவே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். `[h]:mm` கொடுத்ததும் 199:12 என்று குட்டு உடைந்துவிடும். அதனால் மொத்தத்துக்கு மட்டுமல்லாமல் B2 முதல் B7 வரைக்கும் இதே ஃபார்மட்டைக் கொடுத்துவிடுவது என் பரிந்துரை. சில செல்களில் நேரம் எழுத்தாகவே பதிந்திருக்கும். வேறு மென்பொருளிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இப்படி நேரும். SUM அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நேரம் பெரும்பாலும் எழுத்தாகத்தான் இருக்கும்.

சம்பளச் சீட்டில் இந்த மொத்தத்தை ஒரு வாக்கியத்துக்குள் சேர்க்கும்போது செல்லின் ஃபார்மட் கூட வராது. அங்கேயும் அடைப்புக்குறியை நாமேதான் எழுதவேண்டும்:

```
="மொத்த நேரம்: "&TEXT(B8,"[h]:mm")
```