நினைவில் நிற்கும் வாக்கியங்கள்

ஒரு மருத்துவமனையின் நோயாளிக் கையேடுகளைத் தமிழாக்கும் குழுவுக்கு ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். 'மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்' என்பதை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதினால் நோயாளிதான் குழம்புவார். இதற்காகத்தான் மொழிபெயர்ப்பு நினைவகம். ஒமேகாடி போன்ற இலவச மென்பொருளே போதும். ஆங்கில வாக்கியத்தையும் அதன் தமிழையும் ஜோடியாகச் சேமித்து, அதைப் போன்ற வாக்கியம் வந்ததும் பழைய தமிழை எடுத்துக் காட்டும்.

வசதி இருக்கும் இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. 'சாப்பிட்ட பின் ஒரு மாத்திரை, தினம் இருவேளை' என்பது நினைவகத்தில் இருக்கிறது. புதிய கையேட்டில் அது 'சாப்பிடும் முன்' என்று மாறியிருக்கிறது. ஆங்கில மூலத்தில் ஒரே சொல் வித்தியாசம் என்பதால் பொருத்தம் அதிக சதவீதம் காட்டும். களைத்த கண் அப்படியே ஏற்றுக்கொள்ளும். எண் சரிபார்ப்பும் இதைப் பிடிக்காது, அது இலக்கங்களைத்தான் ஒப்பிடும். ஆகவே நூறு சதவீதத்துக்குக் குறைந்த ஒவ்வொரு பொருத்தத்தையும், அளவும் வேளையும் சொல்லும் எல்லா வரிகளையும், இன்னொருவர் மூலத்தோடு வைத்துப் படித்தே ஆகவேண்டும்.

கலைச்சொல் பட்டியலில் வேறு சிக்கல். 'இரத்த அழுத்தம்' என்று பதிந்திருந்தால், 'இரத்த அழுத்தத்தைக் குறைக்க' என்ற சரியான வரியையும் கருவி பிழை என்று காட்டக்கூடும். வேற்றுமை உருபு சேரும்போது மகரம் போய்விடுகிறதே! பொய் எச்சரிக்கை பெருகினால் மொழிபெயர்ப்பாளர்கள் எதையும் பார்க்காமல் கடந்துபோவார்கள், உண்மையான பிழையும் அதோடு போகும். சொல்லின் பகுதியை வைத்துத் தேடும் கருவியானால், சரிபார்ப்புக்கு 'இரத்த அழுத்த' என்று மாறாத பகுதியை மட்டும் கொடுப்பது நல்லது.