தொகையீட்டுக்கு உள்ளே புகுந்து வகையிடுவது

0 முதல் 1 வரையான இடைவெளியில் (x² − 1)/ln x என்ற சார்பைத் தொகையிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ln என்பது இயல் மடக்கை. பிரதியிடல் முறையும் பகுதித் தொகையிடலும் இதில் பலிக்காது. எந்தச் சார்பை வகையிட்டால் இது கிடைக்கும் என்று தேடினால், அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் சார்புகளைக் கோத்து எழுதக்கூடிய எதுவும் அகப்படாது. ஆனால் வரைகோட்டின் கீழுள்ள பரப்பு ஒரு திட்டமான எண்தான். x பூச்சியத்தை நெருங்கும்போது சார்பின் மதிப்பு 0-ஐ நெருங்குகிறது. X ஒன்றை நெருங்கும்போது மேலும் கீழும் பூச்சியமானாலும் விகிதம் 2-ஐ நெருங்குகிறது. எங்கும் வெடித்துப் பெருகவில்லை.

இந்த எண்ணைப் பிடிக்க ஒரு வழி, கணக்கை வேண்டுமென்றே பொதுமைப்படுத்துவது. 2 இருந்த இடத்தில் a என்ற துணையலகை வைத்தால், விடை a-ஐச் சார்ந்த ஒரு சார்பாகிவிடும்:

I(a) = ∫₀¹ (xᵃ − 1)/ln x dx

ஒரு கணக்குக்குப் பதிலாக எண்ணற்ற கணக்குகளை இழுத்துப் போட்டுக்கொண்டதுபோல் தோன்றும். ஆனால் இப்போது I(a)-வின் மதிப்பைத் தேடாமல், a சிறிது மாறினால் I எவ்வளவு மாறுகிறது என்று கேட்க முடியும். பரப்பு மாறுவது, ஒவ்வொரு x-இலும் வரைகோட்டின் உயரம் மாறுவதால்தான். அந்த மாற்றங்களைத் தொகுத்தால் பரப்பின் மாற்றம் வந்துவிடும். லைப்னிட்ஸ் விதி எனப்படுவது இதுதான்: எல்லைகள் மாறாமல் இருக்கும்போது, a-ஐப் பொறுத்த வகையிடலைத் தொகையீட்டுக் குறிக்கு உள்ளே கொண்டுபோகலாம்.

x-ஐ மாறிலியாகக் கருதி xᵃ-ஐ a-ஐப் பொறுத்து வகையிட்டால் xᵃ ln x கிடைக்கும். கீழே தடையாக நின்ற ln x அதோடு அடிபட்டுப் போகிறது:

I′(a) = ∫₀¹ xᵃ dx = 1/(a + 1)

முறையின் சாரம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. துணையலகை எங்கே நுழைப்பது என்பதற்குப் பொது விதி இல்லை. வகையிட்டதும் தொல்லை தரும் உறுப்பு நீங்கும் இடம் எதுவோ, அதுவே சரியான இடம்.

இனி a-ஐப் பொறுத்துத் தொகையிட்டால் I(a) = ln(a + 1) + C. மாறிலி C-ஐ அறிய, விடை தானாகத் தெரியும் ஒரு a வேண்டும். a = 0 எனில் தொகுதி 1 − 1 = 0; ஆகவே I(0) = 0, C = 0. கேட்ட விடை I(2) = ln 3, அதாவது ஏறத்தாழ 1.0986. இடைவெளியை நான்கு சம பகுதிகளாகப் பிரித்து சிம்ப்சன் விதியில் கணக்கிட்டால் 1.079 வருகிறது. பகுதிகளைக் கூட்டக் கூட்ட அது 1.0986-ஐ நெருங்கும். இப்படி ஒருமுறை எண்ணால் சரிபார்ப்பது நல்ல பழக்கம். குறி மாறிப்போனதும் C தவறியதும் உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இந்த முறையை வகுப்பில் கற்கவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவர் கொடுத்த உட்ஸ் எழுதிய உயர்நிலை நுண்கணித நூலிலிருந்து தாமே கற்றார். மற்றவர்கள் திணறிய தொகையீடுகளைத் தாம் இதைக் கொண்டு முடித்ததை 1985-இல் வெளியான நினைவு நூலில் மகிழ்ச்சியோடு சொல்கிறார்.

ஆனால் உள்ளே புகுவதற்கு எப்போதும் அனுமதி கிடையாது. வகையிட்டு வந்த சார்பு, a-ஐச் சாராத வேறொரு சார்புக்குள் அடங்க வேண்டும். அந்த அடக்கும் சார்பின் பரப்பு முடிவுள்ளதாக இருக்க வேண்டும். மேற்கண்ட கணக்கில் a ≥ 0 என்று கொண்டால் xᵃ எங்கும் 1-ஐத் தாண்டாது. 1-இன் பரப்பும் 1-தான். எனவே சிக்கல் இல்லை.

நிபந்தனை உடையும்போது நடப்பதைக் காண, 0 முதல் முடிவிலி வரை sin(tx)/x-ஐத் தொகையிடும் கணக்கு போதும். tx-ஐ ஒரே மாறியாகப் பிரதியிட்டால் t மறைந்துவிடுகிறது. ஆகவே எல்லா நேர்ம t-க்கும் விடை ஒன்றே, அதன் வகைக்கெழு பூச்சியம். ஆனால் உள்ளே வகையிட்டால் cos(tx)-ஐ முடிவிலி வரை தொகையிடும் நிலை வருகிறது. R வரை தொகையிட்டால் அது sin(tR)/t. R வளர வளர அலைந்துகொண்டே இருக்குமே தவிர எதிலும் நிலைகொள்ளாது. உள்ளே வந்த தொகையீடு இப்படி ஒருங்காமல் போனால், முறை அங்கே செல்லாது என்று பொருள்.

துணையலகை இடம் மாற்றினால் அதே கணக்கு வழிக்கு வருகிறது. sin x/x-ஐ e⁻ᵗˣ-ஆல் பெருக்கினால், t > 0 ஆக இருக்கும்வரை வால்பகுதி விரைவாகத் தேய்கிறது. t-ஐப் பொறுத்து வகையிட்டதும் கீழே இருந்த x நீங்கி, −1/(1 + t²) கிடைக்கிறது. t மிகப் பெரிதாகும்போது தொகையீடு பூச்சியத்தை நெருங்குவதால்,

J(t) = π/2 − tan⁻¹ t

t-ஐப் பூச்சியத்துக்கு இறக்கினால் sin x/x-இன் தொகையீடு π/2 என்று வருகிறது. இந்தக் கடைசி இறக்கத்துக்கு மட்டும் லைப்னிட்ஸ் விதி பொறுப்பேற்காது, அது நேர்ம t-க்கே உறுதி தருகிறது. J(t) பூச்சியத்திலும் தொடர்ச்சியாக இருக்கிறது என்பதைத் தனியாக நிறுவிய பின்னரே π/2 என்ற விடையை எழுதலாம்.